ரீபாண்டிங் வேறு, பாண்ட் பில்டர் வேறு: ப்ளீச் செய்த முடிக்கு இந்தப் புட்டிகள் எவ்வளவு தூரம் உதவும்?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ ஒரு சலூனுக்குள் நுழைந்து விலைப்பட்டியலைப் பாருங்கள். ரீபாண்டிங், கெரட்டின் ட்ரீட்மென்ட், பாண்ட் ட்ரீட்மென்ட் என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். கேட்பதற்கு மூன்றும் அக்கா தங்கைகள் போல இருக்கின்றன. அதனால்தான் "ரீபாண்டிங் செய்த முடிக்கு பாண்ட் ஏற்கெனவே போட்டாயிற்றே, இனி தைரியமாக ப்ளீச் செய்யலாமே" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்போடு ப்ளீச் செய்தால் முடி பாதியில் அறுந்து கையோடு வரும்.

ரீபாண்டிங் என்பது சுருட்டையை நிரந்தரமாக நேராக்க, முடியின் உள்பிணைப்பை வேண்டுமென்றே உடைத்துத் திரும்பக் கட்டுவது. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சூட்டால் ஒட்டவைக்கும் ஒரு நேராக்கும் முறை. பாண்ட் ட்ரீட்மென்ட் அல்லது பாண்ட் பில்டர், ப்ளீச்சும் சாயமும் கெடுத்த பிணைப்பைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்ளும் பொருள். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைப் புரிந்துகொள்ளாமல் மூன்றாவது புரியாது.

## எந்தப் பிணைப்பைச் சொல்கிறார்கள்?

ஒரு தலைமுடியின் குறுக்குவெட்டில் இரண்டு பகுதிகள் முக்கியம். வெளியே, பழைய கடைவீட்டுக் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள். உள்ளே, கெரட்டின் என்னும் புரத இழைகள் முறுக்கிய கயிறு. முடியின் பலம் இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவாமல் இருக்க மூன்று வகைப் பிணைப்புகள் உதவுகின்றன.

1. ஹைட்ரஜன் பிணைப்பு. மிக மெல்லியது, தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் திரும்பச் சேரும். காலையில் அயர்ன் போட்டு நேராக்கிய முடி, எல்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போவதற்குள் சுருண்டுகொள்வது இதனால்தான். காற்றில் உள்ள ஈரமே போதும்.

2. உப்புப் பிணைப்பு. இழைகளில் இருக்கும் நேர்மின், எதிர்மின் பகுதிகளுக்கு இடையிலான ஈர்ப்பு. அமிலமோ காரமோ பட்டால் இது கூடும் அல்லது குறையும். இதுவும் மாறி மாறி வருவதுதான்.

3. கந்தகப் பிணைப்பு. இரண்டு இழைகளில் இருக்கும் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்பது. தண்ணீருக்கும் சாதாரண ஷாம்புவுக்கும் இது அசையாது. நனைந்த முடிக்கு இருக்கும் பலத்தில் பெரும்பங்கு இதனுடையது.

லேபிளில் "பாண்ட்" என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் குறிக்கலாம். எது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வெறும் கண்டிஷனர்கூட ஹைட்ரஜன் பிணைப்பையும் உப்புப் பிணைப்பையும் கொஞ்சம் மாற்றத்தான் செய்யும். ஆகவே "பாண்ட்களைப் பலப்படுத்துகிறது" என்று எழுதினால் அது பொய்யாகாது. வாங்குபவர் மனதில் நினைப்பது மூன்றாவதை என்பதுதான் சிக்கல்.

## ப்ளீச் உள்ளே போய் என்ன செய்கிறது

ப்ளீச் பொடியில் பெர்சல்பேட் உப்புகளும் காரமும் இருக்கும். அதோடு கலக்கும் திரவத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு. சலூனில் 20 வால்யூம் என்றால் 6% பெராக்சைடு, 30 என்றால் 9%, 40 என்றால் 12%. ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி முடிக்கான பொருளில் 12%க்கு மேல் இருக்கக் கூடாது.

காரம் முடியை ஊதவைத்து செதில்களைத் திறக்கிறது. பெராக்சைடும் பெர்சல்பேட்டும் உள்ளே போய் மெலனினை, அதாவது முடியின் கறுப்பு நிறமியை, சிதைக்கின்றன. இவை ஆக்சிஜனேற்றிகள். நிறமி எது, புரதம் எது என்று இவற்றுக்குத் தெரியாது. அதனால் கந்தகப் பிணைப்பின்மேலும் பாய்கின்றன. சாதாரண ப்ளீச்சிங்கில் சுமார் 15 முதல் 25% கந்தகப் பிணைப்புகள் போகின்றன, கடுமையாகச் செய்தால் 45% வரைகூடப் போகலாம் என்பது முடி வேதியியலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. கறுப்பு முடியைப் பொன்னிறமாக்க இரண்டு மூன்று சுற்று தேவைப்படும் நமக்கு, அந்தக் கணக்கின் மேல்முனைதான் பொருந்தும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், உடைந்த கந்தகம் என்னவாக மாறுகிறது என்பது. ப்ளீச் அதை வெறுமனே பிரித்துவிடுவதில்லை. மூன்று ஆக்சிஜன் அணுக்களை ஒட்டி, சிஸ்டெயிக் அமிலம் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. பொரித்த அப்பளத்தை மறுபடி உளுந்து மாவாக்க முடியாது. அதுபோல, சிஸ்டெயிக் அமிலமாகிப்போன கந்தகம் திரும்பக் கைகோக்காது. எந்தப் புட்டியாலும் முடியாது. முடி உயிரில்லாத நார் என்பதால் உள்ளிருந்து புதிதாக எதுவும் வளர்ந்து அதைச் சரிசெய்வதும் இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. செதில்களின் மேல், 18-எம்இஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு கொழுப்புப் படலம் வேதியியல் பிணைப்போடு ஒட்டியிருக்கும். முடி வழுக்கிக்கொண்டு சிக்கில்லாமல் இருக்க அதுவே காரணம். ப்ளீச்சின் காரம் அதை அறுத்தெடுத்துவிடுகிறது. ப்ளீச் செய்த முடி தண்ணீரைக் குடித்து, வைக்கோல்போலச் சொரசொரத்து, காய நேரமெடுப்பது இதனால்தான். "என் முடி பலமிழந்துவிட்டது" என்று பலர் சொல்லும்போது பெரும்பாலும் உணர்வது இந்தச் சொரசொரப்பைத்தான், உள்ளே போன பலத்தை அல்ல. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

ப்ளீச் இல்லாமல், இருக்கும் நிறத்துக்குச் சமமாகவோ கறுப்பாகவோ சாயம் போட்டால் சேதம் இதைவிட நன்றாகவே குறைவு. நரைக்குக் கறுப்புச் சாயம் போடுபவர்கள் விலையுயர்ந்த பாண்ட் பில்டருக்குப் பதில் நல்ல கண்டிஷனர் வாங்கினால் போதும் என்பது என் கருத்து.

## ரீபாண்டிங்கில் நடப்பது வேறு

ரீபாண்டிங் கிரீமில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் இருக்கும். இது ப்ளீச்சுக்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. கைகோத்திருந்த இரண்டு கந்தகங்களைப் பிரித்து, இரண்டு வெறுங்கைகளாக விட்டுவிடுகிறது. முடியை அயர்னில் நேராக்கிய பிறகு, நியூட்ரலைசர் என்று பெராக்சைடு போன்ற ஒன்றைத் தடவுவார்கள். அப்போது வெறுங்கைகள் புதிய இடத்தில் புதிய ஜோடியோடு கோத்துக்கொள்ளும். எல்லாக் கையும் திரும்பக் கோப்பதில்லை. சில அப்படியே நிற்கும், சில சிஸ்டெயிக் அமிலமாகும்.

ஆக, ரீபாண்டிங் செய்த முடி ஏற்கெனவே ஒரு முறை கட்டவிழ்த்துக் கட்டிய கயிறு. பெயரில் "பாண்ட்" இருப்பதால் பலம் கூடியிருக்கும் என்று நினைக்கக் கூடாது. அதன்மேல் ப்ளீச் விழுந்தால், மிச்சமிருந்த பிணைப்பிலும் ஒரு பங்கு போகும்.

இந்த "வெறுங்கை" விஷயம் பாண்ட் பில்டரின் கதைக்கும் அடிப்படை.

## புட்டிக்குள் இருப்பது

இன்றைய பாண்ட் பில்டர் மோகத்தைத் தொடங்கிவைத்தது 2014-இல் அமெரிக்காவில் வந்த ஓலாப்ளெக்ஸ். அதன் மூலப்பொருளை உருவாக்கியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தோடு தொடர்புள்ள பொருள் வேதியியலாளர்கள். பொருளின் பெயர் பிஸ்-அமினோபுரோப்பில் டைகிளைகால் டைமாலியேட். பெயர் மிரட்டினாலும் யோசனை எளிது. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஒரு சிறிய மூலக்கூறு. ஒவ்வொரு கொக்கியும் ஒரு கந்தக வெறுங்கையைப் பிடித்துக்கொண்டால், பிரிந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கிடைக்கும்.

கேள்வி இதுதான்: ப்ளீச் செய்த முடியில் வெறுங்கைகள் எத்தனை இருக்கும்? ரீபாண்டிங்கிலும் பெர்மிங்கிலும் ஏராளமாக இருக்கும், ஏனென்றால் அவை வெறுங்கையை உண்டாக்கும் முறைகள். ப்ளீச்சிலோ கந்தகம் பெரும்பாலும் சிஸ்டெயிக் அமிலமாகிவிடுகிறது. கொக்கி தேடி வரும்போது பிடிக்கக் கை குறைவு. அதனால், "உடைந்த பிணைப்புகளை மறுபடி இணைக்கிறது" என்ற வாசகத்தை ப்ளீச் செய்த முடிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் நடக்கலாம். பழையபடி ஆகாது.

அப்படியானால் இத்தனை சலூன்காரர்கள் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்வது கற்பனையா? இல்லை. ப்ளீச் கலவையிலேயே கலக்கும் வகைகள் பலவும் ப்ளீச்சின் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகின்றன. கலவையின் காரத்தன்மை மாறலாம், தண்ணீரிலிருந்து முடியில் ஒட்டிய செம்பு போன்ற உலோகங்களை அமிலங்கள் பிடித்துவைக்கலாம். அந்த உலோகங்கள் பெராக்சைடைத் தூண்டிவிட்டுச் சேதத்தைக் கூட்டுபவை. ஆகவே இந்தப் பில்டர்கள் நிஜமாகவே பிணைப்பைக் காப்பாற்றலாம். போனதை மீட்பதைவிடப் போகாமல் தடுப்பதே இங்கே நடக்கும் முக்கிய வேலை. ஆனால் வேகம் குறைந்ததும் நிறம் ஏறவில்லை என்று சலூன்காரர் 20 வால்யூமை 30-ஆக்கினாலோ அரைமணி நேரம் கூடுதலாக வைத்தாலோ, காப்பாற்றியது அங்கேயே கரைந்துவிடும். நியாயமான ஒப்பீடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளுத்திருக்க வேண்டும். விளம்பரப் படங்களில் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

வீட்டில் பயன்படுத்தும் புட்டிகளில் இரண்டாவது வகை அமிலத்தை நம்பியது. சிட்ரிக் அமிலமோ மாலியிக் அமிலமோ முன்வரிசையில் இருக்கும். இவை முடியின் அமிலத்தன்மையைக் கூட்டி, ஊதியதைச் சுருக்கி, உப்புப் பிணைப்பைச் சரிப்படுத்துகின்றன. காரத்தில் ஊறிய முடிக்கு இது நல்லதுதான். ஆனால் ஹைட்ரஜன், உப்பு வகைப் பிணைப்புகளின் இயல்புப்படி, சில தலைக்குளியலில் போய்விடும். மறுபடி போட வேண்டும்.

மூன்றாவது வகை பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு. கே18 இதில் பெயர்பெற்றது. லேபிளில் எஸ்எச்-ஒலிகோபெப்டைடு-78 என்று இருக்கும். கெரட்டின் இழையோடு ஒத்துப்போகும் வரிசை உள்ளே போய் இழைகளை இணைக்கிறது என்பது தயாரிப்பாளரின் விளக்கம். சிறிய பெப்டைடுகள் முடிக்குள் நுழையும், ஒட்டும் என்பதில் வியப்பில்லை. அந்த ஒட்டுதலைக் கந்தகப் பிணைப்புக்கு ஈடாக வைக்கத்தான் தயக்கம். இதைத் துண்டால் துவட்டிய முடியில் தடவி அலசாமல் விட வேண்டும். முன்னால் கண்டிஷனர் போடக் கூடாது. கண்டிஷனர் போட்டுவிட்டு இதைத் தடவி "ஒன்றும் தெரியவில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

## நட்சத்திரக் குறிக்குக் கீழே

இப்போது லேபிளுக்கு வருவோம். அதிகம் காணும் வாசகம் இந்த மாதிரி இருக்கும்: "முடி உடைவது 90% வரை குறையும்*". கண் 90-இல் நிற்கும். படிக்க வேண்டியது நட்சத்திரக் குறியைத்தான். புட்டியின் பின்பக்கம், எறும்பளவு எழுத்தில், "கண்டிஷனர் இல்லாத ஷாம்புவோடு ஒப்பிடும்போது" என்று இருக்கும்.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ப்ளீச் செய்த முடிக்கற்றைகளை ஒரு சுழலும் கருவியில் மாட்டி, ஆயிரக்கணக்கான முறை சீப்பால் வாருவார்கள். கீழே விழும் உடைந்த துண்டுகளை எண்ணுவார்கள். சீவும்போது முடி உடைவதற்கு முதல் காரணம் உராய்வும் சிக்கும்தான். ஆகவே வழுக்கும் எதைத் தடவினாலும் எண்ணிக்கை சரசரவென்று குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

1. வெறும் ஷாம்பு போட்ட கற்றையில் 100 துண்டுகள் விழுந்தன.
2. பாண்ட் பில்டர் ஷாம்பு, கண்டிஷனர், மாஸ்க் மூன்றும் போட்ட கற்றையில் 10 விழுந்தன. 100-லிருந்து 10, ஆக 90% குறைவு. லேபிள் பொய் சொல்லவில்லை.
3. பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண கண்டிஷனர் போட்ட கற்றையில் 14 விழுந்தன என்று வையுங்கள். அதுவும் 86% குறைவு.

பாண்ட் பில்டர் கூடுதலாகத் தந்தது 14-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது நாலு துண்டு. விலை எத்தனை மடங்கு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கற்றையை லேபிள் காட்டுவதில்லை. காட்டவேண்டும் என்று கேட்பாரும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிஸ்டெயிக் அமிலத்துக்கு எதிர்மின் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் போன்றவை நேர்மின் கொண்டவை. ஆக, முடி எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கண்டிஷனர் ஒட்டிக்கொள்ளும், அதுவும் மிகவும் கெட்ட நுனியில் அதிகமாக. பாண்ட் பில்டர் கண்டிஷனர்களிலும் மாஸ்க்குகளிலும் பலவற்றில் இவையோ அமோடைமெதிகோன் என்ற சிலிகோனோ மூலப்பொருள் வரிசையில் மேலே நிற்கும். முதல் நாளே "முடி உயிர்பெற்றுவிட்டது" என்று தோன்றவைப்பது இவைதான். வரிசையில் முதலில் வருவது அதிகம் இருப்பது. 1%க்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வாசனைத் திரவியத்துக்கும் பதனப்பொருளுக்கும் பின்னால் பெப்டைடின் பெயர் இருந்தால் அளவு மிகச் சொற்பம். பெப்டைடுக்குச் சொற்பமே போதும் என்று அவர்கள் வாதிடலாம். சிட்ரிக் அமிலம் அப்படி வாலில் நின்றால், அது அமிலநிலையைச் சரிசெய்ய எந்த ஷாம்புவிலும் போடும் துளிதான்.

உள்ளே பலம் திரும்பியதா என்று பார்க்க வேறொரு சோதனை இருக்கிறது. ஒற்றை முடியை நீரில் நனைத்து, நீளத்தில் 20% இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது. நனைந்த நிலையில் ஹைட்ரஜன் பிணைப்பு பெருமளவு விட்டிருக்கும் என்பதால், மேற்பூச்சின் வழுவழுப்பு இங்கே ஏமாற்றாது. லேபிளில் "ஈர இழுவிசை" பற்றி ஏதாவது இருந்து, ஒப்பிட்டது ப்ளீச் செய்து கண்டிஷனர் போட்ட முடியோடு என்றும் இருந்தால், அந்த வாசகத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

மலேசியாவில் அழகுப்பொருள் எதுவும் விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் அறிவிக்கப்பட வேண்டும். அதன் எண் NOT என்று தொடங்கி K என்று முடியும். முகமையின் QUEST3+ தளத்தில் பெயரைத் தட்டித் தேடலாம். போலிப் புட்டியையும், யாரும் பொறுப்பேற்காத இறக்குமதியையும் கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் இது அறிவிப்பு மட்டுமே. "இந்தப் பொருள் சொன்னபடி வேலை செய்கிறது" என்று யாரும் சோதித்துக் கையெழுத்திடவில்லை. வாசகத்துக்கான ஆதாரத்தைக் கோப்பில் வைத்திருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. "கேகேஎம் அங்கீகாரம் பெற்றது" என்று இணையக் கடையில் விற்பவர் சொன்னால் அதற்கு இவ்வளவுதான் பொருள்.

## ஒரு தலை, ஒரு முடிவு

இனி ஓர் எடுத்துக்காட்டு. செந்தூலில் வசிக்கும் 28 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இயற்கையாகச் சுருட்டை, கறுப்பு, 45 செ.மீ. நீளம். பதினாறு மாதத்துக்கு முன் ரீபாண்டிங் செய்தார், அதற்குப் பின் வேரில் தொடவில்லை. இப்போது எல்லோரும் கேட்கும் "மில்க் டீ" நிறம் வேண்டும். சலூன்காரர் சொல்கிறார்: "தாராளமா செய்யலாம்க்கா. பாண்ட் பில்டர் சேர்த்துக்குவோம், முடி ஒண்ணும் ஆகாது."

முதலில் நீளத்தை வயதாக மாற்ற வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஆகவே வேரிலிருந்து சுமார் 16 செ.மீ. புதிய முடி. அதன் கீழே உள்ள 29 செ.மீ. ரீபாண்டிங் கண்டது. சுருட்டை தொடங்கும் இடத்துக்கும் நேராகும் இடத்துக்கும் நடுவே எல்லை கண்ணுக்கே தெரியும்.

அடுத்து நிறம். கறுப்பு முடி நிற அளவுகோலில் 1 அல்லது 2. மில்க் டீ வேண்டுமென்றால் 8 அல்லது 9-க்குப் போக வேண்டும். ஒரே சுற்றில் நடக்காது. முதல் சுற்றில் ஆரஞ்சு, இரண்டாவதில் மஞ்சள், பிறகுதான் டோனர். அதிலும் பாலயாஜ் என்று நுனியை மட்டும் வெளுக்கும் முறையைக் கேட்டால், ப்ளீச் இரண்டு முறை விழுவது இருப்பதிலேயே பழைய, ரீபாண்டிங் கண்ட முடியின்மேல்.

வாதாடுவதைவிடச் சோதிப்பது நல்லது. பின்கழுத்தில், மேல்முடிக்கு அடியில் மறையும் இடத்தில், பென்சில் முனையளவு ஒரு சிறு கற்றையை வெட்டி எடுக்கலாம். மேல் 16 செ.மீ. ஒரு கட்டு, கீழ்ப்பகுதி இரண்டு கட்டு. சலூன் பயன்படுத்தப்போகும் அதே பொடி, 20 வால்யூம். மேல்கட்டிலும் கீழ்க்கட்டு ஒன்றிலும் வெறும் ப்ளீச், இன்னொரு கீழ்க்கட்டில் பாண்ட் பில்டர் சேர்த்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கலவை சூடேறினாலோ புகைந்தாலோ உடனே அலசிவிட வேண்டும். மருதாணி என்ற பெயரில் விற்கும் சில கறுப்புப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். பெராக்சைடு பட்டால் அது கொதிக்கும். போட்டவரே அதை மறந்திருப்பார்.

அலசிய பிறகு, நனைந்த ஒற்றை முடியை 10 செ.மீ. அளந்து பிடித்து, மெதுவாக 12 செ.மீ. வரை இழுத்து விட வேண்டும். ஒரே முடியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, ஒவ்வொரு கட்டிலும் பத்தாவது பார்க்கலாம். கெடாத முடி இந்த இழுப்பைத் தாங்கி, தண்ணீரில் விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும். இந்த எடுத்துக்காட்டில் மேல்கட்டு அப்படித் திரும்பியது. பில்டர் இல்லாத கீழ்க்கட்டு சூயிங்கம்போல இழுபட்டு, விட்டபின் 11.5-லேயே நின்றது; பாதிக்கு மேல் அறுந்தது. பில்டர் சேர்த்த கீழ்க்கட்டில் அறுந்தவை குறைவு. ஆனால் நிறமும் ஒரு படி குறைவாகவே ஏறியிருந்தது, திரும்பியவையும் முழுதாகத் திரும்பவில்லை.

மூன்று கட்டுகளும் சேர்ந்து சொல்வது இது. பில்டர் உதவியது நிஜம், அந்த உதவியில் ஒரு பங்கு ப்ளீச் மெதுவானதால் வந்தது. அந்தக் கீழ்ப்பகுதி ஒரு சுற்றையே தட்டுத்தடுமாறித் தாங்குகிறது. மில்க் டீக்கு இரண்டு சுற்று. இந்தத் தலையில் இப்போது அது முடியாது. பில்டரை இரட்டிப்பாகப் போட்டாலும் முடியாது, ஏனென்றால் பற்றாக்குறை புட்டியில் இல்லை, கயிற்றில் இருக்கிறது.

அவர் இன்று செய்யக்கூடியது ப்ளீச் இல்லாத அடர்பழுப்புச் சாயம். மேல்பகுதிக்கு 6% பெராக்சைடு, கீழ்ப்பகுதிக்கு 3%. ரீபாண்டிங் கண்ட நுனி சாயத்தைக் கடகடவென்று குடித்து மேல்பகுதியைவிடக் கறுத்துவிடும் என்பதால் அங்கே கடைசியில் தடவ வேண்டும். நிறம் பெரிதாக ஒன்றும் மாறாது. வெயிலில் நின்றால்தான் பழுப்பு தெரியும். இதற்கு பாண்ட் பில்டர் கட்டணம் கட்டத் தேவையில்லை. தலைகுளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவலாம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் செய்யாததைத் தேங்காய் எண்ணெய் செய்தது: ப்ளீச் செய்த முடியிலும்கூடப் புரத இழப்பைக் குறைத்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மும்பை நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காரணம் புரியக்கூடியதே. அதன் கொழுப்பு மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழையும். நுழைந்தால் முடி தண்ணீரில் அதிகம் ஊதாது.

மில்க் டீதான் வேண்டும் என்றால் கணக்கு இப்படி. இன்னும் 14 மாதத்தில் வேரிலிருந்து 30 செ.மீ. புதிய முடி இருக்கும், அதாவது தோளைத் தொடும் நீளம். இடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6 செ.மீ. வெட்டிக்கொண்டே வந்தால், நாலு வெட்டில் 24 செ.மீ. போகும். ரீபாண்டிங் கண்ட 29-இல் மிச்சம் 5 செ.மீ. அதையும் ப்ளீச் செய்யும் அன்று காலையில் வெட்டிவிட்டு, முதல் சுற்றிலேயே பாண்ட் பில்டர் கலந்து, 20 வால்யூமைத் தாண்டாமல், இரண்டு சுற்றுக்கும் நடுவே சில வாரம் விட்டுச் செய்யலாம். பாண்ட் பில்டருக்குக் கொடுக்கும் காசு வேலை செய்வது அந்தத் தலையில்தான்.